போத்தலா, ஜெல்லா: புல்மோட்டை வரை ஒரு கணக்கு

திருகோணமலையிலிருந்து சைக்கிளில் நிலாவெளி, குச்சவெளி தாண்டிப் புல்மோட்டை போய்த் திரும்ப நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். மணிக்கு 60 கிராம் மாச்சத்து என்று வைத்துக்கொள்வோம். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் உறிஞ்சுவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

100 மில்லிக்கு 6 கிராம் உள்ள பானத்தில் 500 மில்லி போத்தலுக்கு 30 கிராம், அதாவது மணிக்கு இரண்டு போத்தல். நம் வெயிலில் முக்கால் லீட்டர் எப்படியும் இறங்கிவிடும், அதிலேயே 45 கிராம் வந்துவிடுகிறது. விடியற்காலையில் தாகமே இராது, அப்போது இந்தக் கணக்கு சறுக்கும்.

சின்னப் பொட்டலத்தில் வரும் மாச்சத்து ஜெல் ஒன்றில் 22 கிராம் என்றால் மணிக்கு மூன்று, 66 கிராம். சட்டைப்பைக்குள் அடங்கும், சரி, ஆனால் வெறும் தண்ணீரோடுதான் இறக்க வேண்டும். நான் ஒருமுறை பானத்தோடே விழுங்கி, குச்சவெளி தாண்டுமுன் வயிறு பானை மாதிரி உப்பி, குடித்தது தொண்டையிலேயே நின்றது. இனிப்பு அடர்த்தி கூடினால் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும்.

எனக்குப் போத்தல்தான் முதல். மணிக்கு 750 மில்லி, குறையும் 15 கிராமுக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு ஜெல், அதற்குத் தனியாக ஒரு தண்ணீர்ப் போத்தல்.