மேலிருந்து எடுப்பதா, சாய்த்து எடுப்பதா: ஓர் அரக்குப் பெட்டியும் ஒரு குரோஷா விரிப்பும்

யாங்கோனிலிருந்து அண்ணி படம் போட்டு விற்கும் அரக்குப் பெட்டி ஒன்றை, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, நேர் மேலிருந்து எடுத்த படம் அது. படத்தில் பெட்டியின் மூடி 7 சென்டிமீட்டரைத் தாண்டி நின்றது. சிங்கப்பூரில் அதை வாங்கிய ஓர் அம்மாவின் கைக்குப் போனதோ 6 சென்டிமீட்டர் பெட்டி. "அளவுகோலோடு படம் போட்டுவிட்டு இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டு எழுதியிருந்தார். அண்ணிக்கு முகமே வாடிவிட்டது. "தம்பி, நான் பொய் சொல்லவில்லையே, அளவுகோல்தானே சொன்னது?" என்றார்.

அளவுகோல் மேசையில் கிடந்தது, மூடி அதைவிட 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. வினை அங்கேதான். போன் மேசையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது என்றால், மூடி போனுக்கு 25 சென்டிமீட்டர் தூரத்திலேயே வந்துவிடுகிறது. கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும். 30-ஐ 25-ஆல் வகுத்தால் 1.2. அப்படியென்றால் 6 சென்டிமீட்டர் மூடி, மேசையில் கிடக்கும் அளவுகோலுக்கு எதிரே 7.2 ஆகிவிடும். போனை 60 சென்டிமீட்டருக்கு உயர்த்தி, இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் அதே மூடி 6.5 ஆகக் காட்டும். பிழை குறைகிறதே தவிர, போகவில்லை.

முழுக்கப் போக வேண்டுமானால் அளவுகோலை மூடியின் மட்டத்துக்கு ஏற்ற வேண்டும். நாங்கள் இப்போது பெட்டிக்குப் பக்கத்தில் தீப்பெட்டிகளை அடுக்கி, மூடியின் உயரம் வந்ததும் அதன்மேல் அளவுகோலை வைக்கிறோம். சரியாக 6 காட்டுகிறது. போன் சாயாமல் இருக்கவும் வேண்டும். பல போன்களில் கேமரா அமைப்பில் கட்டக் கோடுகளையோ மட்டம் காட்டும் வசதியையோ இயக்கிவிட்டுக் கீழ்நோக்கிப் பிடித்தால் நடுவில் இரண்டு கூட்டல் குறிகள் தெரியும். அவை ஒன்றின்மேல் ஒன்று பொருந்தியதும் எடுத்தால் போதும்.

குரோஷா விரிப்புக்கு இந்தப் பாடு எதுவும் கிடையாது. அண்ணி பின்னும் டம்ளர் விரிப்பு 10 சென்டிமீட்டர் அகலம், தடிமன் சில மில்லிமீட்டர்தான். அளவுகோலும் விரிப்பும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கிடப்பதால் நேர் மேலிருந்து எடுத்த படம் சொல்லும் அளவை அப்படியே நம்பலாம். வட்டம் வட்டமாகவே இருக்கும், விளிம்பில் இதழ்கள் ஒரே அளவில் வரும். அதையே 45 பாகையில் சாய்த்து எடுத்தால் வட்டம் முட்டையாகிவிடும், உயரம் அகலத்தில் பத்தில் ஏழு பங்குதான் நிற்கும். இன்னும் தாழ்த்தி மேசையிலிருந்து 30 பாகைக்கு வந்தால் பாதியாகிவிடும். பார்ப்பவர் இது வட்டமா நீள்வட்டமா என்று குழம்புவார்.

ஆனால் பெட்டியைச் சாய்த்து எடுத்தால்தான் அது பெட்டி என்றே தெரிகிறது. மேலிருந்து எடுத்த படத்தில் அது வெறும் தட்டு மாதிரி இருக்கும், 5 சென்டிமீட்டர் உயரம் இருக்கிறதென்று ஊகிக்க வழியே இல்லை. சாய்வுப் படத்தில் அளவுகோல் உதவாது, பழகிய பொருள்தான் உதவும். முதலில் காசு வைத்துப் பார்த்தோம். யாங்கோனில் இப்போது காசு கையில் புழங்குவதில்லை, வெளிநாட்டில் பார்ப்பவருக்கும் அது தெரியாது. அதை விட்டுவிட்டு இரண்டு விரல்கள் மூடியைத் தூக்குகிற மாதிரி எடுத்தோம். விரலின் பருமன் எல்லாருக்கும் தெரியும். உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதும் அதே படத்தில் வந்துவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. போனைப் பெட்டிக்கு ஒட்டினாற்போல் கொண்டுபோகாதீர்கள். மிக நெருங்கினால் சில போன்கள் தாமாகவே அகலமான லென்ஸுக்கு மாறிவிடும். முன்விளிம்பு ஊதிப் பெருத்து, அடிப்பாகம் சிறுத்துப்போகும். இரண்டு அடி தள்ளி நின்று ஜூம் செய்தால் உருவம் நேராக வரும், முன்விளிம்பும் பின்விளிம்பும் சேர்ந்தே தெளிவாக இருக்கும்.

இழையமைப்பு விஷயத்தில் கோணத்தைவிட வெளிச்சம் வருகிற திசையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நம் வீடு நீளமான குறுகலான ஃபிளாட், தெருப் பக்கம் ஒரு ஜன்னல். மின்சாரம் எப்போது இருக்கும் என்று சொல்ல முடியாததால் ஜன்னலையே நம்பிப் பழகிவிட்டோம், அது நல்லதாகவே முடிந்தது. ஜன்னல் பக்கமாக மேசையைப் போட்டு, விரிப்பைக் கிடத்தி, மேலிருந்து எடுத்தால், பக்கவாட்டில் வரும் வெளிச்சத்தில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சின்ன நிழல் விழும். படத்தைப் பெரிதாக்கிக் கண்ணிகளை எண்ண முடிகிறதா என்று பாருங்கள், எண்ண முடிந்தால் இழை தெரிகிறது என்று பொருள். ஃபிளாஷ் போட்டால் நிழல் நூலுக்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளும், விரிப்பு காகிதம் மாதிரி தட்டையாகிவிடும். வெள்ளை நூல் என்றால் திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள், இல்லையென்றால் கண்ணிகள் வெளுத்து ஒன்றாகிவிடும்.

அரக்குப் பெட்டியில் நேர் எதிர். பகான் பக்கம் மியின்கபாவிலிருந்து வருகிற பெட்டிகள் இவை. மூங்கில் பின்னலின்மேல் தித்சி மரப்பாலைப் பல தடவை பூசி, காயவைத்து, தேய்த்து, பிறகு ஊசியால் கோடு கீறி நிறம் ஏற்றுகிறார்கள். மூடி கண்ணாடி மாதிரி பளபளக்கும். நேர் மேலிருந்து எடுத்தால் அதில் போனும் என் கையும்தான் தெரியும். வெளிச்சத்தை எப்படி மாற்றினாலும் போகாது, ஏனென்றால் மூடிக்கு நேர் எதிரே இருப்பது போனேதான். இந்தத் தட்டை மூடிக்கு மேலிருந்து எடுப்பது ஒத்துவராது என்பதே என் முடிவு, அளவு காட்ட ஒரே ஒரு படம் தவிர.

சாய்வாக எடுக்கும்போது மூடியில் எதிர்ப்பக்கத்தில் இருப்பது தெரிகிறது, அங்கே எது இருக்க வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாம். அண்ணனின் வெள்ளை வேட்டியை ஜன்னலில் தொங்கவிட்டு, அதற்கு எதிரே நின்று 40 பாகை அளவில் எடுத்தேன். கறுப்பு மூடி முழுக்க வெளிர் ஒளி பரவி, கீறிய கோடுகள் அதில் கறுப்பாக முறிந்து நின்றன. மூடியில் கீறியிருந்த யானையின் தும்பிக்கையில் இருந்த மயிரிழைச் சுருக்கங்கள்கூடத் தெரிந்தன. அப்புறம் வேட்டியை எடுத்துவிட்டுக் கறுப்புத் துணியைக் கட்டி, பக்கத்து ஜன்னல் கதவை மட்டும் திறந்தோம். பளபளப்பு அடங்கியது, கோட்டுக்குள் ஏற்றிய சிவப்பும் பச்சையும் உண்மை நிறத்தில் வந்தன. இரண்டு படமும் வேண்டும். ஒன்று கைவேலையின் ஆழத்தைச் சொல்கிறது, மற்றொன்று நிறத்தைச் சொல்கிறது. ஒரே படத்தில் இரண்டையும் கொண்டுவர முயன்றபோதெல்லாம் பளபளப்பு நிறத்தை விழுங்கியது.

ஆகவே விரிப்புக்கு மேற்கோணப் படம் முதலில், சாய்வுப் படம் வேண்டுமானால் தடிமனைக் காட்ட ஒன்று. பெட்டிக்கு விரலோடு சாய்வுப் படம் முதலில், வேட்டிப் படமும் கறுப்புத் துணிப் படமும் அடுத்து, கடைசியில் தீப்பெட்டி அடுக்கின்மேல் அளவுகோல் வைத்த மேற்கோணப் படம். சிங்கப்பூர் அம்மாவுக்கு அந்தக் கடைசிப் படத்தையும் மன்னிப்பையும் சேர்த்து அனுப்பினோம். அவர் பெட்டியைத் திருப்பி அனுப்பவில்லை, அதே அளவில் இன்னொன்று கேட்டிருக்கிறார்.