நன்கொடைக் கணக்கில் எந்த நாணய மாற்று விகிதம்: மாதக் கடைசிச் சந்தை விகிதமா, வங்கி தந்த விகிதமா?

ஒரு நன்கொடையாளர் 10,000 யூரோ தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கி அதில் 6,000 யூரோவை யூரோவுக்கு 97 என்றும், அப்புறம் 4,000 யூரோவை 92 என்றும் உள்ளூர்ப் பணமாக மாற்றிக் கொடுக்கிறது. கையில் வந்தது 9,50,000. அதாவது சராசரியாக ஒரு யூரோவுக்கு 95.

பணம் முழுவதும் செலவாகிவிட்டது. அவருக்குத் தரும் செலவு அறிக்கையை யூரோவில் எழுத வேண்டும். மாதக் கடைசிச் சந்தை விகிதம் 100 என்றால், செலவு 9,500 யூரோ என்று வரும். மீதி 500 யூரோ எங்கே என்று அவர் கேட்பார். வங்கியில் அப்படி ஒரு பணமே இல்லை! விகிதம் 90 ஆக இருந்தால் தந்ததைவிட அதிகம் செலவழித்ததாகக் காட்டும். வங்கியின் சராசரியான 95-ஐ வைத்தால் கணக்கு சரியாக 10,000-இல் முடியும்.

சந்தை விகிதத்தில் ஒரு வசதி உண்டு: யாரும் சரிபார்க்கலாம், எல்லா நாணயத்துக்கும் ஒரே முறை. டாலரும் பவுண்டும் யூரோவும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால், எந்தச் செலவு யாருடைய பணம் என்று பிரிப்பதும் கடினம். அப்போதும் வரவு ஒவ்வொன்றுக்கும் வங்கிச் சீட்டை எடுத்துவைத்து, அந்தந்தக் கொடையின் சராசரியைத் தனியே எழுதி, செலவைப் பங்கிட்டுக் காட்டுவதே நியாயம் என்பேன். ஒப்பந்தம் குறிப்பிட்ட விகிதத்தைக் கேட்டால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். அங்கே வரும் வித்தியாசத்தைச் செலவுத் தலைப்புகளுக்குள் ஒளிக்காமல், ‘நாணய மாற்று நட்டம்’ அல்லது ‘நாணய மாற்று லாபம்’ என்று தனி வரியில் போடுங்கள்.