மூன்று நாள், ஒரு புரோக்கர், ஒரு டேப்

சிங்கப்பூரிலிருந்து 2 வார லீவில் சென்னை வந்தோம். அதில் 3 நாளை வீடு பார்க்க ஒதுக்கினோம். மடிப்பாக்கம், நங்கநல்லூர் பக்கம் 2 பெட்ரூம் பழைய பிளாட், 75 லட்சத்துக்குள். புரோக்கரைச் சித்தி வீட்டுக்காரர் அறிமுகப்படுத்தினார். நேரத்துக்கு வந்தார், காரில் கூட்டிப்போனார், வெயிலில் இளநீர் வாங்கிக் கொடுத்தார். இதைச் சொல்லிவிடுவது நியாயம், ஏனென்றால் பின்னால் அவரைப் பற்றிக் கொஞ்சம் குறை சொல்லப்போகிறேன்.

முதல் நாள் 4 வீடு பார்த்தோம். நாங்கள் கேட்ட கேள்விகளை நினைத்தால் இப்போதும் வெட்கம். “வாசல் எந்தப் பக்கம்? ஸ்டேஷன் எவ்வளவு தூரம்? அக்கம்பக்கம் நல்ல மாதிரியா?” எல்லாவற்றுக்கும் பதில் ஒன்றுதான்: “அதெல்லாம் சூப்பர் சார்.” ராத்திரி என் மனைவி நிவேதா நோட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னாள்: “இதுல ஒரு கேள்விக்காவது அவர் ‘இல்ல’ன்னு சொல்ல வேண்டிய வாய்ப்பே இல்லையே. நம்ம கேள்விதான் சரியில்ல.”

மறுநாள் காலை மாமியாரின் தையல் டப்பாவிலிருந்து அளவு டேப்பை எடுத்தாள். அது போதவில்லை. வழியில் ஹார்டுவேர் கடையில் 5 மீட்டர் ஸ்டீல் டேப் வாங்கினோம்.

அன்று பார்த்த முதல் வீடு 1,050 சதுர அடி, விலை 73.5 லட்சம். “சதுர அடி வெறும் 7,000 சார், இந்த ஏரியாவுல எங்க கிடைக்கும்?” என்றார். நிவேதா ஒவ்வொரு அறையாகச் சுவருக்குச் சுவர் அளந்தாள், நான் எழுதினேன். புரோக்கர் பால்கனியில் போன் பேசுவது போல் நின்றார். கூட்டிப் பார்த்தால் 742. மீதி 308 சதுர அடி சுவர், படிக்கட்டு, லிஃப்ட், மாடி நடை என்று எல்லார் கணக்கிலும் பங்கு பிரித்து ஏற்றியது. அப்படி ஏற்றுவது ஊர் வழக்கம்தான், மோசடி என்று சொல்ல முடியாது. ஆனால் நாம் பாய் விரித்துப் படுக்கிற இடத்துக்கு விலை போட்டால் சதுர அடி 9,900 ஆகிறது. பக்கத்துத் தெருவில் முந்தின நாள் பார்த்து, “சின்னது, விலை ஜாஸ்தி” என்று ஒதுக்கிய வீட்டுக்கு இதே கணக்கைப் போட்டோம். அது இதைவிட மலிவு.

அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, “கார்பெட் ஏரியா எவ்வளவு?” புரோக்கரும் ‘சூப்பர்’ சொல்வதைக் குறைத்துக்கொண்டார்.

தண்ணீர் பற்றி அவரிடம் கேட்பதை விட்டுவிட்டோம். வாட்ச்மேனிடம் கேட்டோம், அதுவும் “தண்ணி நல்லா வருமா?” என்று இல்லை. “போன மே மாசம் எத்தனை லாரி தண்ணி வாங்கினீங்க?” என்றோம். யோசிக்காமல் சொன்னார்: “ரெண்டு நாளைக்கு ஒண்ணு.” பிறகு ஷவரைத் திருகிப் பார்த்தோம். துளைகளில் பாதி உப்புப் படிந்து அடைத்திருந்தது. கீழே வந்தால் மோட்டாரை இடுப்புயரத் திண்டு கட்டி மேலே வைத்திருக்கிறார்கள், கரண்ட் மீட்டர் போர்டு கழுத்துயரத்தில். “ஏன் இவ்வளவு மேல?” என்றதும், 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை நின்றது என்று வாட்ச்மேன் தூணில் கையை வைத்துக் காட்டினார். புரோக்கர் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் கடைசியாகக் காட்டிய வீடுதான் கதை. நங்கநல்லூரில் 4-வது மாடி. நல்ல காற்று, தூரத்தில் பரங்கிமலை. இதே கட்டடத்தில் 2-வது மாடி வீடு 74 லட்சத்துக்குப் போனதாம், இது 62. “மேல் மாடி, லிஃப்ட் 3-வதோட நின்னுடும், அதான் சார் கம்மி.” நியாயமாகத்தான் பட்டது. எனக்கு ஆசை வந்துவிட்டது.

நிவேதா கேட்டாள்: “யூ.டி.எஸ். எவ்வளவு?” பிளாட் வாங்கும்போது நம் பெயரில் பதிவாவது, கட்டடம் நிற்கிற மனையில் பிரிக்கப்படாத நம் பங்கு. சுவர் பழசாகும். நாளை இடித்துக் கட்டினால் கணக்கில் நிற்பது அந்த மண்தான்.

“300 சதுர அடி மேடம்.”

“2-வது மாடி வீட்டுக்கு?”

“அது... 600 இருக்கும்.”

ஒரே அளவு வீடு, பாதிப் பங்கு. ஏன் என்றால், “அந்தக் காலத்துல பில்டர் அப்படிப் பிரிச்சிட்டார்” என்றார். சர்வே நம்பர் கேட்டோம். இரண்டு முறை கேட்ட பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

ராத்திரி tnreginet.gov.in-இல் வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். பார்ப்பதற்குக் காசு இல்லை. சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே நம்பர், எந்தத் தேதியிலிருந்து என்பதைக் கொடுத்தால் போதும். 2005 தொடங்கிக் கேட்டோம். முதலில் பில்டர் மனை வாங்கிய பத்திரம்: ஒன்றரை கிரவுண்டு, அதாவது 3,600 சதுர அடி. அப்புறம் பிளாட் விற்ற பத்திரங்கள். 11 இருந்தன. மறுவிற்பனைகளைத் தள்ளி, பில்டர் நேரடியாக விற்றதை மட்டும் எண்ண வேண்டும், இல்லாவிட்டால் ஒரே பங்கு இரண்டு தடவை கணக்கில் ஏறிவிடும். தள்ளிய பிறகு 8. முதல் 6 பத்திரங்களில் தலா 600. அதிலேயே 3,600 தீர்ந்துவிட்டது! அதற்குப் பிறகு பதிவான 2 பத்திரங்களில் தலா 300. ஆக மொத்தம் 4,200 சதுர அடி விற்றிருக்கிறார்கள், இருப்பதோ 3,600.

4-வது மாடி ரொம்ப நாள் கழித்து முளைத்தது என்று அப்போதுதான் உறைத்தது. லிஃப்ட் ஏன் 3-வது மாடியோடு நிற்கிறது என்பதும்.

மறுநாள் புரோக்கரிடம் போனில் இரண்டே கேள்வி. “அப்ரூவ்டு பிளானில் எத்தனை மாடி?” கொஞ்ச நேரம் சத்தமில்லை. “ஸ்டில்ட் பிளஸ் 3 சார். ஆனா வரி ரசீது இருக்கு, கரண்ட் கனெக்‌ஷன் இருக்கு.” வரி கட்டுவதாலும் கரண்ட் வருவதாலும் ஒரு மாடிக்கு அனுமதி வந்துவிடாது. “இந்த மாடிக்கு எந்த பேங்க் லோன் கொடுத்திருக்கு?”

அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “சார், நீங்க ஃபாரின் பார்ட்டி. உங்களுக்கு எதுக்கு லோன்? ரெடி கேஷ்தானே?”

எங்களிடம் ஏன் இந்த வீட்டை ஆசையாகக் காட்டினார் என்பது அந்த ஒரு வரியில் வெளிவந்துவிட்டது. லோன் போட்டால் பேங்க் வக்கீல் பிளானையும் தாய்ப் பத்திரத்தையும் கேட்பார், இன்ஜினீயர் வந்து மாடியை எண்ணுவார். மொத்தமாகப் பணம் கொடுப்பவனுக்கு அந்த இரண்டு பேரும் கிடையாது. நம்மிடம் பணமே இருந்தாலும் ஒரு தடவை லோனுக்கு விண்ணப்பித்துப் பார்ப்பது நல்லது என்று நிவேதா சொன்னாள். எனக்கும் சரி என்றுதான் தோன்றுகிறது.

கமிஷன் பேச்சையும் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் 2 சதவீதம் கேட்டிருந்தார். “விக்கிறவர் எவ்வளவு தர்றார்?” என்று கேட்டோம். சிரித்தார். 1 சதவீதம் என்று முடிந்தது, அதுவும் பதிவு நாளன்று.

வீடு முடியாமலேயே திரும்பினோம். போன வாரம் புரோக்கர் நிவேதாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். “மேடம், நங்கநல்லூர்ல ஒண்ணு வந்திருக்கு. கார்பெட் 760, யூ.டி.எஸ். 540, பிளான் காப்பி கையில வெச்சிருக்கேன். மே மாச லாரிக் கணக்கும் வாட்ச்மேன்கிட்ட கேட்டுட்டேன். நீங்க டேப் மட்டும் எடுத்துட்டு வாங்க.”