ஹாஷை எங்கே வைப்பது: பென் டிரைவிலா, பேரேட்டிலா, எதிராளி கையிலா?

காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டிக்குக் கணக்கு எழுதுகிறேன். சீசன் தொடங்கிவிட்டால் பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்தான். பெங்களூரா மாங்காய் எத்தனை டன், எந்த லோடு எந்தக் கூழ் ஃபேக்டரிக்கு, கழிவு எவ்வளவு, இன்றைக்கு ரேட் என்ன, எல்லாம் அந்தக் குரூப்பில் இருக்கும். ஆகஸ்ட்டில் கணக்கை முடிக்க உட்காரும்போது, "அந்த ரேட்டுக்கு நான் சரின்னு சொல்லவே இல்லையே" என்று யாராவது ஒருவர் கிளம்புவார். அதனால் சீசன் முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் சாட்டை எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிடுவேன். எக்ஸ்போர்ட் செய்த கோப்பு அன்று இருந்தபடியே இன்றும் இருக்கிறதா என்று எப்படிக் காட்டுவது? அதற்கு இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

பலரும் முதலில் பார்ப்பது கோப்பின் அளவையும் தேதியையும். இது போதாது. ஒரு வரியில் ‘12.50’ என்று இருக்கிறது. அதை யாரோ ‘10.50’ என்று மாற்றிவிட்டால் போனது ஒரு இலக்கம், வந்தது ஒரு இலக்கம். அளவு ஒரு பைட் கூட மாறாது. தேதியையோ கம்ப்யூட்டரின் கடிகாரத்தைத் திருப்பி வைத்தே மாற்றிவிடலாம். ஹாஷ் அப்படியில்லை. கோப்பிலுள்ள அத்தனை பைட்டுகளையும் போட்டுக் கணக்கிட்டு ஒரு குறியீட்டைத் தருகிறது. அந்த ‘2’ ஒன்று ‘0’ ஆனாலே குறியீடு அடையாளம் தெரியாமல் மாறிவிடும்.

எந்த ஹாஷ் என்பதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். எம்டி5 உடைந்து இருபது வருஷம் ஆகிறது. ஒரே ஹாஷ் வரும் இரண்டு வெவ்வேறு கோப்புகளைச் செய்ய முடியும் என்று 2004-லேயே காட்டிவிட்டார்கள். ஷா-1-க்கும் 2017-ல் அதே கதி. ஒரே ஹாஷ் கொண்ட இரண்டு பிடிஎஃப் கோப்புகளையே வெளியிட்டார்கள். எனவே ஷா-256. 64 எழுத்து வரும், அவ்வளவுதான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குக் கொடுக்கும் சான்றிதழில் ஹாஷையும் எந்த முறையில் எடுத்தது என்பதையும் எழுத இடம் இருக்கிறது. அந்தப் படிவத்தில் எம்டி5, ஷா-1 இரண்டும் இருந்தாலும் நான் ஷா-256-ஐத்தான் எழுதுவேன்.

விண்டோஸில் இதற்கெனத் தனியாக எதுவும் நிறுவ வேண்டாம்:

```
certutil -hashfile chat-2025-06-14.zip SHA256
```

கடைசியில் இருக்கும் `SHA256` என்பதை விட்டுவிடாதீர்கள். விட்டால் அது சத்தமில்லாமல் ஷா-1 எடுத்துக் கொடுக்கும். 64-க்குப் பதில் 40 எழுத்து வந்தால் இதுதான் காரணம். இன்னொன்று, வந்த ஹாஷ் `e3b0c442` என்று தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். அது காலிக் கோப்பின் ஹாஷ். பென் டிரைவில் காப்பி ஆகும்போது பாதியில் பிடுங்கிவிட்டால், பெயர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றுமே இல்லாத கோப்பு நிற்கக்கூடும்.

அடுத்து, எந்தக் கோப்புக்கு ஹாஷ் எடுப்பது? படங்கள் இல்லாமல் எக்ஸ்போர்ட் செய்தால் எழுத்து மட்டும் வரும்; படம் இருந்த இடத்தில் `<Media omitted>` என்று ஒரு வரி நிற்கும். எங்கள் தொழிலில் சண்டையே எடைமேடைச் சீட்டின் போட்டோவை வைத்துத்தான் வரும். எழுத்துக் கோப்புக்கு மட்டும் எடுத்த ஹாஷ் அந்தச் சீட்டைக் காக்காது. ஆகவே படங்களோடு எக்ஸ்போர்ட் செய்து, வருகிற ஜிப்புக்கே ஹாஷ் எடுப்பது மேல். அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்த ஜிப்பைப் பிரித்து மறுபடி ஜிப் செய்தால், உள்ளே ஒரு எழுத்தும் மாறாவிட்டாலும், ஹாஷ் வேறாகிவிடும். ஜிப்புக்குள் கோப்பின் நேரமும் சுருக்கிய விதமும் சேர்ந்தே பதிவாகின்றன. மூல ஜிப்பை அப்படியே விட்டுவிட்டு, பார்ப்பதற்கு ஒரு காப்பியைப் பிரியுங்கள். உள்ளிருக்கும் எழுத்துக் கோப்புக்கும் தனியாக ஒரு ஹாஷ் எடுத்து வைப்பது என் வழக்கம். அதன் பலனைக் கீழே சொல்கிறேன்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். எடுத்த ஹாஷை எங்கே வைப்பது?

பெரும்பாலானவர்கள் செய்வது, கோப்பின் பக்கத்திலேயே சின்னதாக ஒரு எழுத்துக் கோப்பில் ஹாஷைச் சேமிப்பது. சரிபார்க்க இதுதான் வசதி. பென் டிரைவ் கெட்டுப்போய்க் கோப்பு சிதைந்தால் உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் வேண்டுமென்றே மாற்றுகிறவருக்கு இது தடையே இல்லை. ரேட்டை மாற்றுவார், புது ஹாஷ் எடுப்பார், பழைய ஹாஷின் மேல் அதை எழுதிவிடுவார். பூட்டும் சாவியும் ஒரே ஆணியில் தொங்குகின்றன.

இரண்டாவது வழி பேரேடு. பக்க எண் அச்சிட்ட, தைத்த நோட்டு ஒன்றில் தேதி, கோப்பின் பெயர், அளவு, ஹாஷ் ஆகியவற்றைப் பேனாவால் எழுதி, அங்கே இருக்கிற இன்னொருவரிடம் கையெழுத்து வாங்குவேன். கணக்குப் பிள்ளையான எனக்கு இது பிடித்த வழி. கம்ப்யூட்டரைத் தொட முடிந்தவர் பேரேட்டையும் தொட வேண்டியிருக்கும். முன்னும் பின்னும் மற்ற வாரங்களின் பதிவுகள் இருக்கும்போது நடுவில் நுழைப்பது கடினம். ஆனாலும் பேரேடு என்னிடம்தானே இருக்கிறது? "நீங்களே எழுதிக்கிட்டதுதானே" என்று எதிராளி கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

சிலர் முதல் நாலு எழுத்து, கடைசி நாலு எழுத்து மட்டும் குறித்துக்கொள்கிறார்கள். தற்செயலான சிதைவைக் கண்டுபிடிக்க அது போதும். திட்டமிட்டு மாற்றுகிறவரைத் தடுக்காது. எட்டு எழுத்துக்குச் சுமார் 430 கோடி சேர்க்கைகள்தான். மாற்றிய கோப்பில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளை இங்குமங்கும் கூட்டிக் குறைத்துக்கொண்டே போனால், அந்த எட்டும் பொருந்தும் ஒன்றைச் சாதாரணக் கம்ப்யூட்டரே தேடிப் பிடித்துவிடும். 64-ஐயும் எழுதுங்கள். எட்டு எட்டாகப் பிரித்து எழுதினால் எட்டே குழுக்கள். இதில் வரும் ஆங்கில எழுத்துகள் a முதல் f வரை மட்டுமே. ஆகவே o போலத் தெரிவது பூஜ்யம், l போலத் தெரிவது ஒன்று. கையெழுத்தில் குழப்புவது b-யும் 6-உம்தான்.

மூன்றாவது வழி, ஹாஷை அன்றைக்கே எதிராளியிடம் கொடுத்துவிடுவது. எக்ஸ்போர்ட் செய்து ஹாஷ் எடுத்த கையோடு, அதே குரூப்பில், "14-06-2025 வரை உள்ள சாட்டின் பதிவு, ஷா-256 இது" என்று ஜிப்புக்கும் எழுத்துக் கோப்புக்கும் 64 எழுத்தையும் ஒட்டிவிடுவேன். இனி அந்த எண் பதினைந்து பேர் ஃபோனில் இருக்கிறது. நானே பின்னால் கோப்பை மாற்ற நினைத்தாலும் முடியாது. நான் அந்தச் செய்தியை அழித்தாலும் அழித்த சுவடு நிற்கும். அதோடு, சண்டை தொடங்கும் முன்பே, யார் பக்கம் லாபம் என்று தெரியாத நாளிலேயே ஹாஷ் வெளியே போய்விடுகிறது. ஆடிட்டருக்கும் அதையே ஒரு மெயிலில் அனுப்பிவிட்டால் தேதிக்கு இன்னொரு சாட்சி.

மூன்றில் ஒன்றைத்தான் எடு என்றால் நான் மூன்றாவதைத்தான் எடுப்பேன். நேரம் இருப்பவர்கள் பேரேட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்த வழியானாலும் ஒரு எல்லை உண்டு. ஹாஷ் எடுத்த பிறகு கோப்பு மாறவில்லை என்று மட்டுமே அது சொல்லும். எடுக்கும் முன்பே திருத்தியிருந்தால் அதற்குத் தெரியாது. அதனால் சாட் இருக்கும் ஃபோனை விற்காமல், அழிக்காமல் வைத்திருங்கள். அதேபோல், இன்னொரு முறை எக்ஸ்போர்ட் செய்து அதே ஹாஷ் வருகிறதா என்று பார்க்காதீர்கள், வராது. இடையில் புதுச் செய்திகள் சேர்ந்திருக்கும். எதிராளி ஃபோனிலிருந்து எடுத்ததும் உங்களுடையதோடு பொருந்தாது. பெயர்கள் அவரவர் ஃபோனில் சேமித்தபடிதான் வரும். எனக்கு ‘போச்சம்பள்ளி லாரி’ என்று இருப்பவர் இன்னொருவருக்கு ‘மாமா’வாக இருப்பார். ஒப்பிட வேண்டியது ஒரே கோப்பின் காப்பிகளை மட்டும்.

காப்பிகளே பொருந்தாமல் போனால்? போன வருஷம் அது நடந்தது. பக்கத்து ஊர் விவசாயிகள் சார்பில் கணக்குப் பார்க்கும் ஒரு அண்ணனிடம் ஜூன் மாத எழுத்துக் கோப்பைக் கொடுத்திருந்தேன். செப்டம்பரில் அவர் கொண்டுவந்த காப்பியின் ஹாஷ் பேரேட்டோடு ஒத்துவரவில்லை.

"தம்பி, நீங்க கொடுத்ததைத்தான் வச்சிருக்கேன். ஒரு எழுத்தைக்கூடத் தொடலை" என்றார். முகம் சுருங்கிவிட்டது அவருக்கு.

பேரேட்டில் அளவு 1,84,502 பைட். அவருடையதில் 1,86,818. வித்தியாசம் 2,316. கோப்பில் எத்தனை வரி என்று எண்ணிப் பார்த்தேன், சரியாக 2,316. வரிக்கு ஒரு பைட் கூடியிருக்கிறது என்றால் பேச்சை யாரும் தொடவில்லை, வரிமுடிவுதான் மாறியிருக்கிறது. ஃபோனிலிருந்து வந்த கோப்பில் வரி முடிய ஒரு குறி. விண்டோஸ் வழக்கத்தில் இரண்டு. அவர் பழைய கம்ப்யூட்டரில் ஏதோ எடிட்டரில் திறந்து, மூடும்போது சேமித்திருக்கிறார். வித்தியாசம் வெறும் 3 பைட் என்றிருந்தால், கோப்பின் தலையில் எடிட்டர் சேர்க்கும் குறியோ என்று பார்த்திருப்பேன்.

ஊகத்தோடு விடக் கூடாது. கூடிய குறியை நீக்கி மறுபடி ஹாஷ் எடுக்கலாம். லினக்ஸிலோ, ஃபோனில் டெர்மக்ஸ் ஆப்பை நிறுவியோ இதை ஓட்டலாம்:

```
tr -d '\r' < copy.txt | sha256sum
```

பழைய ஹாஷ் திரும்ப வந்தால் மாறியது அது மட்டும்தான் என்பது உறுதி. ஜிப்புக்கு மட்டும் ஹாஷ் வைத்திருந்தால் இதைச் செய்திருக்க முடியாது.

பேரேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "அண்ணா, நீங்க நோட்டைப் படிங்க, நான் திரையில பார்க்கிறேன்" என்றேன். எட்டு எட்டாகப் படித்துக்கொண்டே வந்தார். ஆறாவது குழுவில் "ஆறு" என்றார். திரையில் b இருந்தது. நோட்டைக் குனிந்து பார்த்தேன். என் கையெழுத்துதான், வயிறு பெருத்த ஒரு b. குரூப்பில் ஜூன் 14 அன்று ஒட்டியிருந்த செய்தியை அவர் தன் ஃபோனிலேயே தேடி எடுத்து, விரலை வைத்துப் பார்த்து, "b-தான்" என்றார். மீதி இரண்டு குழுக்களையும் படித்து முடித்த பிறகுதான் தண்ணீர் கேட்டார்.