பேங்க் ஆப்பில் வரும் ப்ரீ-அப்ரூவ்ட் லோனை நம்பி யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

வீட்டு வேலை தொடங்கியிருக்கிறவர்கள், பிள்ளைக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியவர்கள், யாராக இருந்தாலும் சரி, பேங்க் ஆப்பைத் திறந்ததும் "உங்களுக்கு 5,00,000 தயார், பேப்பர் எதுவும் வேண்டாம்" என்று பச்சை நிறத்தில் ஒரு கட்டம் வருகிறதே, அதைக் கையில் இருக்கும் காசாக எண்ணி யாரிடமும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பேங்கின் பெயரை நான் போடவில்லை. இந்த வேலையை ஒரு பேங்க் மட்டும் செய்வதில்லை, அதனால் பெயரைப் போட்டால் "நம்ம பேங்க் அப்படி இல்ல" என்று மற்றவர்கள் நிம்மதியாகப் போய்விடுவார்கள்.

எனக்கு வந்த கட்டத்தில் 5 லட்சம், 11 சதவீத வட்டி, 60 மாதம், மாதத் தவணை 10,871 ரூபாய் என்று போட்டிருந்தது. மார்த்தாண்டம் பக்கத்தில்தான் வீடு. மழை பிடிப்பதற்குள் மேலே ஒரு நிலை எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் எங்களுக்கு. இருந்தாலும் ஆப்பைப் பார்த்த கையோடு நான் எதையும் செய்யவில்லை. அதைப் பார்த்தேன் என்று தெரிந்து பேங்கிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "சார், உங்களுக்கு ஏற்கெனவே அப்ரூவ் ஆயாச்சு, நீங்க கிளிக் பண்ணினா போதும், பத்து நிமிஷத்துல அக்கவுண்ட்ல விழும்" என்றார். "இனிமே செக்கிங் எதுவும் இருக்கா?" என்று நேராகவே கேட்டேன். "ஒண்ணும் இல்ல சார், எல்லாம் முடிஞ்சுது" என்றார். அந்தப் பேச்சை நம்பித்தான் கம்பிக் கடையில் 60,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தோம். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

முதலில் அந்தக் கட்டம் எப்படி வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். பேங்கின் தலைமை அலுவலகத்தில் ஒரு குறிப்பிட்ட தேதியில் லட்சக்கணக்கான கணக்குகளை மொத்தமாகக் கம்ப்யூட்டரில் போட்டு அலசுகிறார்கள். மாதாமாதம் சம்பளம் விழுகிறதா, சராசரி இருப்பு எவ்வளவு, செக்கோ தவணையோ திரும்பியிருக்கிறதா, கார்டு பில்லை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா, இவ்வளவுதான். நம் கடன் வரலாற்றைச் சேர்த்து ஸ்கோர் போடும் சிபில் போன்ற நிறுவனத்திடம் மேலோட்டமாக ஒரு பார்வையும் பார்த்திருப்பார்கள். அந்தப் பார்வை ஸ்கோரைத் தொடாது. இதில் தேறியவர்களின் பட்டியலை ஆப்பில் ஏற்றிவிடுகிறார்கள், அதற்கு ஒரு கடைசித் தேதியும் இருக்கும். அதாவது, "இவரிடம் லோன் வேண்டுமா என்று கேட்கலாம்" என்ற அளவுக்கு மட்டும் பேங்க் தனக்குள் முடிவு செய்திருக்கிறது. உங்கள் பெயரில் லோன் ஃபைல் என்று ஒன்று அப்போது கிடையாது. யாரும் கையெழுத்துப் போடவில்லை, பணம் ஒதுக்கவும் இல்லை. கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் "பேங்கின் முடிவுக்கு உட்பட்டது" என்று ஒரு வரி இருக்கும், அந்த வரிதான் அவர்களுடைய கேடயம்.

ஃபைல் திறப்பது நீங்கள் "தொடர்க" என்று அமுக்கும்போதுதான். நான் அமுக்கிய கொஞ்ச நேரத்தில் என் கிரெடிட் ரிப்போர்ட்டை அந்த பேங்க் எடுத்திருக்கிறது என்று எஸ்எம்எஸ் வந்தது. இது முன்பு சொன்ன மேலோட்டமான பார்வை இல்லை. லோன் கேட்டு விண்ணப்பித்தவர் என்ற பதிவாகவே ரிப்போர்ட்டில் ஏறிவிடும், மற்ற பேங்குகள் பார்த்தாலும் தெரியும், ஸ்கோரும் கொஞ்சம் இறங்கும். ஒன்று என்றால் பெரிய விஷயமில்லை. ஆனால் ஒரு ஆப்பில் கிடைக்கவில்லை என்று அதே வாரத்தில் நாலு ஆப்பில் அமுக்கினால், பணத்துக்கு அலைகிற ஆள் என்றுதான் அடுத்தவன் படிப்பான்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பேப்பர் வேண்டாம் என்றவர்கள் மூன்று மாத சம்பளச் சீட்டு கேட்டார்கள். வீடியோ கேஒய்சி நடந்தது, பான் கார்டை கேமராவில் காட்டச் சொன்னார்கள். வேலை பார்க்கும் இடத்துக்குப் போன் போட்டு இப்படி ஒருவர் இங்கே இருக்கிறாரா என்று கேட்டார்கள். வீட்டுக்கும் ஒரு ஆள் வந்திருக்கிறார், நாங்கள் யாரும் இல்லாத நேரத்தில். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பாட்டி, "மக்கா, பேங்குல இருந்து ஒருத்தன் வந்து உன்னப் பத்தி கேட்டுட்டுப் போனான், லோன் கீன் எடுக்கியா?" என்றார். லோன் எடுப்பது ஒன்றும் குற்றமில்லை, ஆனால் நம் ஊரில் அது தெருவுக்கே தெரிய எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்து ஆப்பில் தொகை மாறியது. 5 லட்சம் 2,80,000 ஆகிவிட்டது, வட்டி 15.5 சதவீதம், 48 மாதம், தவணை 7,864. எந்த விளக்கமும் இல்லை. அந்த ஆளைக் கூப்பிட்டால் "சிஸ்டம் அப்படிக் காட்டுது சார்" என்கிறார். கிளைக்கு நேரில் போன பிறகுதான் அங்கிருந்த ஒரு மேடம் பொறுமையாகக் கணக்கைத் திறந்து காட்டினார், அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

காரணம் இரண்டு. நான் முன்பு நாகர்கோவிலில் ஒரு பெரிய மருத்துவமனையில் கணக்குப் பிரிவில் இருந்தேன், பட்டியல் போட்டபோது சம்பளம் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. இப்போது தக்கலையில் ஒரு சின்ன நிறுவனம். சம்பளம் குறையவில்லை, அதே கணக்கில்தான் விழுகிறது, ஆனால் பேங்குகள் நிறுவனங்களை ரகம் பிரித்து வைத்திருக்கின்றன, பட்டியலில் இல்லாத இடத்தில் வேலை பார்ப்பவருக்கு வட்டி ஏறும். இதுதான் 11 சதவீதம் 15.5 ஆன கதை.

தொகை குறைந்ததற்குக் காரணம் வேறு. மச்சானின் கார் லோனுக்கு நான் ஜாமீன் போட்டிருக்கிறேன், அதன் தவணை 7,500. அவன் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஆனாலும் ஜாமீன் போட்ட கடன் என் ரிப்போர்ட்டிலும் நிற்கும், அதை என் தலையிலும் வைத்துக் கணக்குப் போடலாம். அந்த மேடம் போட்டுக் காட்டிய கணக்கு இதுதான்: கைக்கு வரும் சம்பளம் 38,000. அதில் பாதி, அதாவது 19,000 வரைதான் எல்லாத் தவணைகளும் சேர்ந்து போகலாம் என்பது எனக்கு அவர்கள் வைத்த வரம்பு. பைக் தவணை 3,200 போனால் 15,800, அதில் 10,871 தாராளமாக அடங்கும். பட்டியல் போட்டபோது அவர்கள் கண்ணில் பட்டது இவ்வளவுதான், கார் லோன் அதற்குப் பிறகு வந்தது. இப்போது அந்த 7,500-ஐயும் கழித்தால் மிச்சம் 8,300. அதற்குள் அடங்குகிற மாதிரி வெட்டித்தான் 7,864 ரூபாய் தவணை. கணக்கு நியாயமானது, நான் அதைக் குறை சொல்லவில்லை. இந்தக் கணக்கு இனிமேல்தான் போடப்படும் என்பதை மறைத்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று ஒருவரை வைத்துச் சொல்ல வைத்தார்களே, அதுதான் கோபம்.

இத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த திரையைத்தான் நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். லோன் பாதுகாப்புக் காப்பீடு 8,400 ரூபாய் என்று ஒரு கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டே வைத்திருந்தார்கள். ப்ராசஸிங் கட்டணம் 2 சதவீதம், 5,600. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1,008. எல்லாம் பிடித்தால் அக்கவுண்டில் விழுவது 2,64,992 மட்டும், ஆனால் தவணை கட்டுவது முழு 2,80,000-க்கு. கையில் வராத பணத்துக்கும் சேர்த்து வட்டி கட்டுவதால், ஆண்டுச் சதவீத விகிதம், அதுதான் ஏபிஆர், கிட்டத்தட்ட 18.6 வருகிறது. திரையில் பெரிதாகத் தெரிவது 15.5 தான்.

இந்த ஏபிஆர் எங்கே இருக்கும் என்றால், லோனின் வட்டி, கட்டணம், நிபந்தனைகளைச் சுருக்கமாகச் சொல்லும் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட், அதாவது கேஎஃப்எஸ் என்கிற தாளில். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குக் கொடுக்கும் எல்லா டேர்ம் லோனுக்கும் இதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. காப்பீடு மாதிரி வேறு நிறுவனத்துக்காகப் பிடிக்கும் பணமும் அந்த ஏபிஆருக்குள் வர வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. ப்ரீ-அப்ரூவ்ட் கட்டத்தில் இருக்கும் எண் எதற்கும் பேங்க் கட்டுப்பட்டதில்லை, கேஎஃப்எஸ்ஸில் இருக்கும் எண்தான் பேச்சு. ஆகவே யார் என்ன சொன்னாலும் அந்தத் தாள் வரும்வரை லோன் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆள் மறுபடி கூப்பிட்டு, "இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஓடிபி போடலன்னா ஆஃபர் போயிரும் சார்" என்று அவசரப்படுத்தினார். இதுவும் பொய். ஏழு நாளோ அதற்கு மேலோ காலம் உள்ள லோனுக்கு, கேஎஃப்எஸ் கொடுத்தபின் குறைந்தது மூன்று வேலை நாள் அதே நிபந்தனை நிற்க வேண்டும், அதற்குள் ஒப்புக்கொண்டால் பேங்க் அதிலிருந்து மாற முடியாது. ஆப் வழியாகவே எடுக்கும் டிஜிட்டல் லோனில் இன்னொரு வசதியும் உண்டு. பணம் விழுந்த பிறகும், குறைந்தது ஒரு நாளாவது, அசலையும் அந்த நாட்களுக்கான செலவையும் திருப்பிக் கட்டிவிட்டு அபராதம் இல்லாமல் வெளியே வரலாம். எத்தனை நாள் என்பது கேஎஃப்எஸ்ஸிலேயே இருக்கும். ப்ராசஸிங் கட்டணத்தைத் திருப்பித் தருவார்களா என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஓடிபி போடவில்லை. அம்மாவின் நகையைக் கூட்டுறவு சங்கத்தில் வைத்து வேலையை நடத்துகிறோம். கம்பிக் கடைக்காரர் அட்வான்ஸைப் பணமாகத் தரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பொருளாக எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

பேங்கில் புகார் கொடுத்தேன். போனில் சொன்னதை எழுதி, பதிவு செய்த உரையாடலைக் கேட்டுப் பாருங்கள் என்றும் கேட்டிருந்தேன். வந்த பதிலில் ஆஃபர் உத்தேசமானது, காப்பீடு விருப்பத்துக்கு உட்பட்டது என்று இரண்டு வரி. உரையாடலைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. உங்களுக்கு முழுவதுமாக மறுத்துவிட்டார்கள் என்றால் முக்கியக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் சொல்ல வேண்டியது பேங்கின் கடமை. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனுக்கு cms.rbi.org.in தளத்தில் இலவசமாக எழுதலாம். நானும் அந்த இரண்டு வரிப் பதிலை இணைத்து அங்கே அனுப்பியிருக்கிறேன்.