ஒரே டி-ஷர்ட், இரண்டு ஆர்டர் கன்ஃபர்மேஷன்: எதில் கையெழுத்துப் போடலாம்?

திருப்பூரில் ஒரு சின்ன பின்னலாடை யூனிட் என்று வைத்துக்கொள்வோம். கையில் இரண்டு ஆர்டர் கன்ஃபர்மேஷன் இருக்கிறது. ஒன்றைத்தான் எடுக்க முடியும். இரண்டிலும் 10,000 பீஸ்தான்: நேவி 6,000, வெள்ளை 4,000. முதல் பையர் பீஸுக்கு 3.25 டாலர் தருகிறார், இரண்டாமவர் 3.20. மொத்தத்தில் 500 டாலர் வித்தியாசம். விலையை மட்டும் பார்த்தால் முதல் தாள்தான். விலைக்குக் கீழே உள்ள மூன்று வரிகளையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறிவிடும்.

எண்ணிக்கையில் கூடுதல், குறைவு

முதல் தாள் 3% கூடவோ குறையவோ விடுகிறது, ஆனால் ஒவ்வொரு கலருக்கும் ஒவ்வொரு சைஸுக்கும் தனித்தனியாக. இரண்டாம் தாள் மொத்த எண்ணிக்கையில் 5% விடுகிறது. பார்வைக்கு வித்தியாசம் 2%தான்.

நேவியில் ஒரு டையிங் லாட் ஷேடு மாறி, எல் சைஸில் 2,000 பீஸுக்குப் பதில் 1,900தான் தேறியது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 100 பீஸ் குறைவு, மொத்தத்தில் 1%. ஆனால் பேக்கிங் எஸ், எம், எல், எக்ஸ்எல் 1:2:2:1 என்ற ரேஷியோ பேக்காக இருந்தால் 1,000 செட்டுக்குப் பதில் 950 செட்தான் முழுமையாக அமையும். 50 செட், செட்டுக்கு 6 பீஸ் என்று 300 பீஸ் அனுப்ப முடியாமல் போகும். அதில் 200 பீஸ் நல்ல சரக்கு. ஜோடி சேராததால் குடோனில் கிடக்கும்.

இப்போது அனுப்புவது 9,700. இரண்டாம் தாளில் 3% குறைவு, பேச்சே இல்லை. முதல் தாளில் நேவியின் நான்கு சைஸும் 5% குறைவு, நான்கிலும் ஒப்பந்த மீறல். பையர் இன்வாய்ஸில் 5% டிஸ்கவுண்ட் கேட்டால் சுமார் 1,575 டாலர் போகும். 500 டாலர் லாபம் அங்கேயே கரைந்துவிடுகிறது.

பையரின் பேங்க் பணத்துக்கு உறுதி தரும் எல்.சி. இருந்தால் பேங்க் 5% தானாக விட்டுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எல்.சி.க்கான சர்வதேச விதிகளான யூ.சி.பி. 600இன் 30வது பிரிவில் அந்த 5% இருக்கிறது. ஆனால் பீஸ் கணக்கிலோ பெட்டிக் கணக்கிலோ அளவு எழுதியிருந்தால் அது பொருந்தாது. ஆடை ஆர்டர் பீஸ் கணக்குதான். அதனால் இந்தக் கூடுதல், குறைவுக்கான டாலரன்ஸ் எல்.சி.யிலேயே எழுத்தில் வர வேண்டும், அளவுக்கும் தொகைக்கும் சேர்த்து. அளவில் மட்டும் 5% கொடுத்து தொகையை 32,000 டாலரிலேயே நிறுத்தினால், கூடுதலாக அனுப்பிய பீஸுக்கு எல்.சி.யில் பணம் எடுக்க முடியாது.

ஷிப்மென்ட் தேதி

முதல் தாள் எஃப்.ஓ.பி. தூத்துக்குடி, ஜூன் 10 முதல் 20க்குள் கப்பலில் ஏற வேண்டும். இரண்டாம் தாள் எஃப்.சி.ஏ., ஜூன் 14க்குள் பையரின் ஃபார்வர்டரிடம் சரக்கை ஒப்படைத்தால் போதும். முதலாவதில் 6 நாள் அதிகம் கிடைப்பதுபோல் தெரியும். பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். பெரிய துறைமுகத்துக்குச் சரக்கைக் கொண்டுபோகும் ஃபீடர் கப்பல் 18ஆம் தேதி, அதற்குச் சரக்கை ஏற்கும் கடைசி நாளான கட்-ஆஃப் 15 என்று வைத்தால், லாரி 14ஆம் தேதி கிளம்பியாக வேண்டும். ஃபேக்டரிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே தேதிதான்.

கப்பல் தவறினால் யார் தலையில் விழும் என்பதுதான் உண்மையான வித்தியாசம். 18ஆம் தேதி ஃபீடர் ரத்தாகி அடுத்தது 25ஆம் தேதி என்றால், முதல் தாளில் சரக்கு துறைமுகத்தின் கன்டெய்னர் கிடங்கான சி.எஃப்.எஸ்.ஸில் நின்றாலும் நீங்கள் லேட். இரண்டாம் தாளில் ஒப்படைத்த ரசீதோடு உங்கள் பொறுப்பு முடிகிறது. ஒரு எச்சரிக்கை: சரக்கு கப்பலில் ஏறியதைக் காட்டும் ஆன்-போர்டு பில் ஆஃப் லேடிங்கை எல்.சி. கேட்டு, கடைசி ஷிப்மென்ட் தேதியையும் போட்டிருந்தால், பேங்க் ஆன்-போர்டு தேதியைத்தான் பார்க்கும். அப்போது எஃப்.சி.ஏ. கொடுத்த பாதுகாப்பு பணம் வாங்கும் இடத்தில் உதவாது. ஃபார்வர்டர் ரசீதையே ஆவணமாக ஏற்கும்படி எல்.சி.யைத் திருத்தச் சொல்லுங்கள்.

கேன்சல்

முதல் தாளின் வாசகம்: 20ஆம் தேதி தாண்டினால் பையர் எந்தப் பொறுப்புமின்றி முழுவதையோ ஒரு பகுதியையோ ரத்து செய்யலாம். இரண்டாம் தாளில் 10 நாள் வரை வாரத்துக்கு 2% கழிவு, அதன்பிறகே ரத்து. பையராகவே நடுவில் நிறுத்தினால், டையிங் முடிந்த துணிக்கும் லேபிளுக்கும் அடக்க விலை தர வேண்டும். தையல் கூலி அதில் சேராது. அதுவும் சேர வேண்டும் என்று கேட்டுப் பார்ப்பது நியாயமே.

இரண்டு தாளிலுமே இல்லாத ஒரு வரி உண்டு. சாயம் போட்ட கலர் மாதிரியான லேப் டிப்புக்கு அப்ரூவல் 7 நாள் என்று சொல்லிவிட்டு பையர் 16 நாள் எடுத்தால், அந்த 9 நாளும் ஷிப்மென்ட் தேதியிலும் கேன்சல் தேதியிலும் கூட வேண்டும். இதை எழுதி வாங்காவிட்டால் பையரின் தாமதத்துக்கும் நீங்கள்தான் கழிவு கொடுப்பீர்கள். ஏற்றுமதிக் கடன் காப்பீடு தரும் ஈ.சி.ஜி.சி.யின் பாலிசியை நம்பியும் இருக்க முடியாது. ஏற்றுமதியாளர் ஒப்பந்தத்தை நிறைவேற்றத் தவறியதால் வரும் நஷ்டம் அதில் அடங்காது.

எங்கள் கணிப்பில் சின்ன யூனிட்டுக்கு இரண்டாம் தாள்தான். ஒரே கலர், சைஸ் வாரியாக சாலிட் பேக், சாயம் போடாத கிரே துணி கையிருப்பில் இருக்கிறது என்றால் முதல் தாளையும் பரிசீலிக்கலாம். அப்போதும் டாலரன்ஸைக் கலர் மொத்தத்துக்கு மாற்றி, 7 நாள் கிரேஸ் வாங்கி, திருத்திய தாள் கைக்கு வந்த பிறகே நூலுக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.