அழுத முகத்தை மாற்றிய பிறகு: பழைய கண்ணீரா, புதிய கண்ணீரா?

குறும்பட போஸ்டர் ஒன்று. அழும் பெண்ணின் படத்தில், சம்மதம் தந்த வேறொரு நடிகையின் முகத்தைப் பொருத்துகிறோம். முகம் மாற்றும் AI மாடலான inswapper_128 முகத்தை 128×128 பிக்சலில்தான் உருவாக்கும். கீழ் இமையோரம் தேங்கிய நீர்க்கோடு அதில் மங்கிவிடும். பிறகு முகத்தைத் தெளிவாக்க GFPGAN என்ற AI கருவியை ஓட்டினால் தோல் வழவழப்பாகி, கண் நன்றாகத் தூங்கி எழுந்தவர் கண் போலாகிவிடும்.

முதல் வழி, மூலப்படத்தின் கண்ணீரையே மீட்பது. ஜிம்ப்பில் மூலப்படத்தை மேல் லேயராக வைத்து, பயன்முறையை Lighten only ஆக்கி, கருப்பு மாஸ்க்கில் நீர்க்கோட்டையும் வழிந்த தடத்தையும் மட்டும் வெள்ளைத் தூரிகையால் திறக்க வேண்டும். மினுக்கம் அந்தப் படத்தின் வெளிச்சத்திலேயே பிறந்தது என்பதால் பொய் சொல்லாது. ஆனால் துளியின் ஓரத்து நிழல் இதில் வராது. அதற்கு அதே லேயரின் நகல் ஒன்றை Darken only-இல் லேசாகத் திறக்கலாம். கன்னச் சிவப்புக்கு இன்னொரு நகலை நன்றாக மங்கலாக்கி, நிறத்தை மட்டும் எடுக்கும் பயன்முறையில் பாதி அடர்த்தியில் வைத்தால் போதும். மூக்கு நுனியை விட்டுவிடாதீர்கள், அழுதால் அதுவும் சிவக்கும்.

இரண்டாவது வழி, இன்பெயின்டிங்கில், அதாவது படத்தின் ஒரு பகுதியை மட்டும் AI-யிடம் மறுபடி வரையச் சொல்லி, கண்ணீரைப் புதிதாக வரைவது. எவ்வளவு மாற்றி வரையலாம் என்று சொல்லும் Denoising strength 0.3 அளவில் ஈரம் தெரியாது, 0.6 போனால் ஆளே மாறிவிடுவார். இரு கண்ணிலும் ஒளிப்புள்ளி வெவ்வேறு திசையில் விழுந்தால் ஏமாற்று அம்பலம்.

நான் முதல் வழிக்காரன். புதிய முகத்தின் கன்ன எலும்பு மேடாக இருந்து பழைய தடம் அதைக் கவனிக்காமல் நேராக ஓடினால் மட்டும், அந்தத் துண்டுக்கு இரண்டாவது.